பென் டிரைவ் பழுதல்ல, பதிவேடுதான் வேறு
கல்யாண வீடியோ டி.வி.யில் ஓடாதபோது கடைக்காரர் கவனிக்க வேண்டியவை

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரங்களில் செல்போன் உதிரிபாகம், எலக்ட்ரானிக்ஸ், ஸ்டூடியோ, டி.வி. விற்பனை ஆகிய தொழில்களில் இருக்கும் வணிக நண்பர்கள் அனைவருக்கும் பழக்கமான ஒரு வழக்கு உண்டு. முகூர்த்த மாதம் முடிந்த கையோடு அது கடை வாசலுக்கு வரும். முந்தைய வாரம் வாங்கிய பென் டிரைவைக் கையில் பிடித்துக்கொண்டு வாடிக்கையாளர் நிற்பார்.

"அண்ணே, நீங்க கொடுத்த டிரைவ் டி.வி.யில ஓடவே இல்ல. வீட்டுல சொந்தக்காரங்க எல்லாம் உட்கார்ந்திருந்தாங்க, மானம் போச்சு."

"போன வாரம் டெஸ்ட் பண்ணித்தானம்மா கொடுத்தேன்."

"என்னமோண்ணே, வேற மாத்திக் கொடுங்க."

நாமும் வாக்குவாதம் வேண்டாம் என்று வேறொன்றை மாற்றிக் கொடுக்கிறோம். அதுவும் மறுநாள் திரும்பி வருகிறது. திரும்பி வந்த இரண்டையும் மொத்த வியாபாரியிடம் கொண்டு போனால், அவர் கம்ப்யூட்டரில் செருகிப் பார்த்துவிட்டு "சரக்கு நன்றாகத்தானே இருக்கிறது" என்று திருப்பித் தள்ளுகிறார். பாக்கெட் பிரித்த சரக்கு இரண்டு நம் தலையில் நிற்கிறது. ஒரு டிரைவில் நமக்கு நிற்கும் லாபம் எவ்வளவு என்பது நமக்குத் தெரியும். இரண்டு திரும்பி வந்தால் பத்து விற்ற லாபம் போய்விடும்.

இந்த வழக்குகளில் பெரும்பாலானவற்றில் டிரைவும் பழுதல்ல, டி.வி.யும் பழுதல்ல. டிரைவுக்குள் கணக்கு எழுதப்பட்டிருக்கும் முறை ஒன்று, டி.வி. படிக்கத் தெரிந்த முறை வேறொன்று. அவ்வளவுதான் விஷயம். இதைக் கல்லாவில் நின்றபடியே கண்டுபிடித்துவிடலாம். அதற்கு வேண்டிய அளவு மட்டும் இங்கே விளக்குகிறோம்.

சரக்கும் பதிவேடும்

நம் கிடங்கில் சரக்கு இருக்கிறது. எந்தச் சரக்கு எந்த அடுக்கில், எத்தனை மூட்டை என்று எழுதிய பதிவேடு கிடங்கு வாசலில் இருக்கிறது. பதிவேட்டைப் படிக்கத் தெரிந்தவர்தான் சரக்கை எடுக்க முடியும். பென் டிரைவும் அப்படியே. வீடியோ என்பது சரக்கு. அது எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்று எழுதியிருப்பது பதிவேடு. இந்தப் பதிவேட்டு முறையைத்தான் ஃபைல் சிஸ்டம் என்கிறார்கள். நம் கடைக்கு வரும் டிரைவ்களில் மூன்று முறைகள்தான் முக்கியம். கம்ப்யூட்டர் திரையில் அவற்றின் பெயர்கள் FAT32, exFAT, NTFS என்று தெரியும்.

FAT32 என்பது பழைய பதிவேடு. 1996-இல் விண்டோஸ் 95-இன் திருத்தப் பதிப்போடு வந்தது. அதன்பின் வந்த ஏறக்குறைய எல்லாக் கருவிகளுக்கும் அதைப் படிக்கத் தெரியும். டி.வி.டி. பிளேயர், ஹோம் தியேட்டர், கார் ஸ்டீரியோ, பத்து வருடப் பழைய டி.வி. எதுவானாலும் சரி.

ஆனால் அந்தப் பதிவேட்டில் ஒரு குறை உண்டு. ஒவ்வொரு ஃபைலின் அளவையும் எழுத ஒரு கட்டம் இருக்கிறது. அந்தக் கட்டத்தின் அகலம் 32 பிட். அதில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 295. அதாவது ஒரு ஃபைல் அத்தனை பைட்டுக்கு மேல் போகக் கூடாது. இதைத்தான் சுருக்கமாக 4 ஜி.பி. வரம்பு என்கிறார்கள். டிரைவ் 32 ஜி.பி.யாக இருக்கலாம், முழுதும் காலியாக இருக்கலாம், ஆனாலும் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒற்றை ஃபைல் உள்ளே போகாது. கிடங்கில் இடம் இருக்கிறது, பதிவேட்டில் எழுதத்தான் கட்டம் போதவில்லை. கம்ப்யூட்டரில் காப்பி செய்யும்போது இப்படி ஒரு செய்தி வந்தால் காரணம் இதுவேதான்:

```
The file 'thirumanam.mp4' is too large for the destination file system.
```

இந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு "டிரைவில் இடம் இல்லை, பெரிய டிரைவ் வாங்குங்கள்" என்று சொல்வது தவறான யோசனை. பெரிய டிரைவ் வேறு பதிவேட்டோடு வருவதால் காப்பி ஆகிவிடும். ஆனால் வீட்டு டி.வி.க்கு அந்தப் பதிவேட்டைப் படிக்கத் தெரியாவிட்டால் வழக்கு அங்கே புதிதாகத் தொடங்கும்.

முன்பு ஏன் இந்தத் தொல்லை இல்லை?

கல்யாண வீடியோ கேசட்டில் வந்த காலத்தில் ஃபைல் என்ற பேச்சே இல்லை. பிறகு டி.வி.டி. வந்தது. சாதாரண டி.வி.டி. தட்டின் கொள்ளளவு 4.7 ஜி.பி. அதற்குள் படத்தை ஒவ்வொன்றும் 1 ஜி.பி.க்கு மிகாத துண்டுகளாக அடுக்கி வைப்பதே அதன் விதி. எனவே அந்தத் துண்டுகளை அப்படியே பென் டிரைவுக்கு மாற்றினாலும் FAT32 வரம்பை அவை தொடவே இல்லை. 2006 முதல் 2011 வரை தமிழக அரசு இலவசமாகக் கொடுத்த வண்ணத் தொலைக்காட்சிகள் பிக்சர் டியூப் செட்டுகள். அவற்றோடு டி.வி.டி. பிளேயரை இணைத்துப் படம் பார்த்த வீடுகள் நம் பகுதியில் ஏராளம். பிளேயரின் யு.எஸ்.பி. துளையில் 4 ஜி.பி., 8 ஜி.பி. டிரைவைச் செருகினால் பாட்டும் படமும் ஓடும். யாருக்கும் எந்தச் சந்தேகமும் வரவில்லை.

இப்போது ஸ்டூடியோக்காரர் தட்டு கொடுப்பதில்லை. வரவேற்பு, முகூர்த்தம் இரண்டையும் சேர்த்து ஒரே நீளமான ஃபைலாக, உயர்ந்த தரத்தில், பென் டிரைவில் போட்டுக் கொடுக்கிறார். படம் துல்லியமாக ஆக ஆக ஃபைலும் பருக்கிறது. 1996-இல் மிகப் பெரிதாகத் தோன்றிய கட்டம் இன்று ஒரு முகூர்த்தத்துக்கே போதவில்லை.

மற்ற இரண்டு பதிவேடுகள்

NTFS என்பது 1993-இல் விண்டோஸ் என்.டி.யோடு வந்தது. கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்குக்காகச் செய்யப்பட்டது. வீடியோ விஷயத்தில் அளவு வரம்பு என்று ஒன்றை நாம் நினைக்கவே வேண்டியதில்லை. exFAT என்பது மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2006-இல் கொண்டுவந்தது. பென் டிரைவ், மெமரி கார்டு போன்றவற்றுக்காகவே எழுதப்பட்டது. இதிலும் பெரிய ஃபைல் தாராளமாகப் போகும். 32 ஜி.பி.க்கு மேற்பட்ட மெமரி கார்டுகளுக்கு exFAT-தான் என்று 2009-இல் விதி வகுத்துவிட்டார்கள். பென் டிரைவ் கம்பெனிகளும் பொதுவாக அதே வழியில் போகின்றன. 32 ஜி.பி. வரை FAT32, 64 ஜி.பி.யும் அதற்கு மேலும் exFAT. நம் கடைக்கு வரும் சரக்கில் பாக்கெட் பிரிக்காமலே இதை ஊகித்துவிடலாம்.

அப்படியானால் எல்லா டி.வி.யும் exFAT படிக்க வேண்டியதுதானே என்று கேட்கலாம். அதற்கு ஒரு வியாபாரக் காரணம் இருந்தது. exFAT மைக்ரோசாஃப்டின் காப்புரிமைக்கு உட்பட்டது. அதை டி.வி.யில் சேர்க்க விரும்பும் கம்பெனி உரிமம் பெற வேண்டும். பெரிய கம்பெனிகள் பெற்றன. விலையைக் குறைத்து விற்பவர்களுக்கு அதை விட்டுவிடுவது லாபமாக இருந்தது. 2019 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் அதன் விவரங்களை வெளியிட்டு, லினக்ஸில் சேர்த்துக்கொள்ளவும் ஒப்புதல் தந்தது. அதே ஆண்டு நவம்பரில் வந்த லினக்ஸ் பதிப்பில் exFAT இடம்பெற்றது. இன்றைய ஸ்மார்ட் டி.வி.க்களில் பெரும்பாலானவற்றின் உள்ளே ஓடுவது லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட மென்பொருள்தான் என்பதால், அதற்குப் பின் வந்த செட்டுகளில் exFAT படிப்பது பரவலாகி வருகிறது.

ஆனாலும் வாங்கிய வருடத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. புதிய செட்டிலும் பழைய மென்பொருள் இருக்கக்கூடும். சாம்சங் கையேடுகளில் FAT, exFAT, NTFS மூன்றும் குறிப்பிடப்படுவது வழக்கம். எல்.ஜி.யின் பல வருடத்து மாடல்களில் FAT32, NTFS இரண்டு மட்டும் குறிப்பிடப்பட்டன. பெயர் தெரியாத கம்பெனிகளின் ஆண்ட்ராய்டு டி.வி.க்களில் மாடலுக்கு மாடல் மாறும். எந்த டி.வி.யானாலும் FAT32 படிக்கும் என்பதை மட்டும் ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். மற்ற இரண்டையும் கையேட்டில் யு.எஸ்.பி. பற்றிய பக்கத்தில் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். வாடிக்கையாளரிடம் கையேடு இருந்தால் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லலாம். கையேடு தொலைந்திருந்தால், டி.வி.யின் பின்புறம் ஒட்டியிருக்கும் மாடல் எண் போதும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

சி.டி.எச். ரோட்டில் ஒரு மண்டபத்தில் கல்யாணம் நடந்ததாக வைத்துக்கொள்வோம். ஸ்டூடியோக்காரர் தயாரித்த படம் 1 மணி 50 நிமிடம். படமும் ஒலியும் சேர்ந்து நொடிக்கு 8 மெகாபிட் என்ற தரத்தில் ஃபைலாக்கியிருக்கிறார். இந்த ஃபைல் எவ்வளவு பெரிது?

8 பிட் சேர்ந்தால் 1 பைட். எனவே நொடிக்கு 8 மெகாபிட் என்பது நொடிக்கு 1 எம்.பி. நினைவில் வைக்க இதைவிட எளிய கணக்கு இல்லை. 1 மணி 50 நிமிடம் என்பது 110 நிமிடம், 6,600 நொடி. ஆகவே ஃபைல் 6,600 எம்.பி., அதாவது 6.6 ஜி.பி. FAT32-இன் கட்டத்தில் அடங்குவது சுமார் 4,295 எம்.பி. மட்டுமே. இந்தத் தரத்தில் 71 நிமிடப் படத்தோடு கட்டம் நிறைந்துவிடும். அதே படம் 4கே தரத்தில் நொடிக்கு 25 மெகாபிட்டாக இருந்தால் 23 நிமிடத்துக்குள் நிறைந்துவிடும்.

இனி நடப்பதைப் பாருங்கள். ஸ்டூடியோக்காரர் முதலில் 32 ஜி.பி. டிரைவில் காப்பி செய்யப் பார்க்கிறார். மேலே சொன்ன செய்தி வருகிறது. அவர் 64 ஜி.பி. டிரைவ் வாங்கிவரச் சொல்கிறார். வாடிக்கையாளர் நம்மிடம் வாங்கிப் போகிறார். அது exFAT. 6.6 ஜி.பி. ஃபைல் சிரமமில்லாமல் ஏறிவிடுகிறது, ஸ்டூடியோ கம்ப்யூட்டரில் ஓடியும் காட்டுகிறது. வீட்டுக்குப் போய்ப் பழைய டி.வி.யில் செருகினால் ஒன்றும் தெரியவில்லை. ஸ்டூடியோக்காரர் செய்ததும் சரி, நாம் விற்றதும் சரி, டி.வி.யும் சரி. ஆனால் பழி விழுவது டிரைவ் விற்ற கடையின் மேல்.

எங்கே தடை என்று கண்டுபிடிப்பது

வாடிக்கையாளரிடம் ஒரே கேள்வி கேட்டால் பாதி விடை கிடைத்துவிடும்: "டி.வி.யில் ஃபைலோட பேர் தெரியுதா, தெரியலையா?"

டிரைவையே காணோம், அல்லது யு.எஸ்.பி. சாதனத்தை ஏற்க முடியவில்லை என்ற செய்தி வருகிறது, அல்லது டிரைவ் தெரிகிறது ஆனால் உள்ளே காலியாக இருக்கிறது என்றால், டி.வி. பதிவேட்டைப் படிக்கவில்லை என்று முதலில் சந்தேகிக்க வேண்டும். டிரைவை நம் கம்ப்யூட்டரில் செருகி, அதன் படத்தின் மேல் வலது பொத்தானை அழுத்தி `Properties` திறந்தால், `File system` என்ற வரியில் பெயர் இருக்கும். அங்கே exFAT என்று இருந்து, டி.வி. கையேட்டில் exFAT இல்லை என்றால் வழக்கு முடிந்தது.

ஸ்டூடியோவில் ஆப்பிள் கம்பெனியின் மேக் கம்ப்யூட்டர் வைத்திருந்தால் இன்னொரு சாத்தியமும் உண்டு. மேக்கின் சொந்தப் பதிவேட்டில் டிரைவைத் தயார் செய்திருந்தால் டி.வி. மட்டுமல்ல, நம் விண்டோஸ் கம்ப்யூட்டரும் அதைப் படிக்காது.

ஃபைலின் பெயர் டி.வி.யில் தெரிகிறது, ஆனால் அழுத்தினால் ஓடவில்லை, அல்லது படம் ஓடுகிறது ஒலி வரவில்லை என்றால் அது வேறு கதை. பதிவேட்டை டி.வி. படித்துவிட்டது. படம் அல்லது ஒலி சுருக்கப்பட்டிருக்கும் முறைதான் அதற்குத் தெரியவில்லை. டிரைவை எத்தனை முறை மாற்றினாலும், எந்த முறையில் ஃபார்மட் செய்தாலும் இது தீராது. ஸ்டூடியோக்காரர்தான் ஃபைலை வேறு விதமாக எடுத்துத் தர வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் நல்ல டிரைவ் பல மாற்றப்படுகின்றன.

தீர்வுகள் மூன்று

முதல் தீர்வு, படத்தைத் துண்டாக்கி FAT32 டிரைவில் போடுவது. எந்த டி.வி.யிலும் ஓட வேண்டும் என்றால் இதுவே உத்தமம். ஸ்டூடியோக்காரரே வரவேற்பு ஒரு ஃபைல், முகூர்த்தம் ஒரு ஃபைல், நலங்கு ஒரு ஃபைல் என்று பிரித்துத் தந்துவிட்டால் பார்ப்பவர்களுக்கும் வசதி. அவர் தராவிட்டால், `ffmpeg` என்ற இலவச மென்பொருள் இருக்கும் கம்ப்யூட்டரில் நாமே வெட்டலாம். நம் எடுத்துக்காட்டில் 40 நிமிடத்துக்கு ஒரு துண்டு, அதாவது 2,400 நொடி:

```
ffmpeg -i thirumanam.mp4 -c copy -f segment -segment_time 2400 -reset_timestamps 1 pagam%02d.mp4
```

இது படத்தை மறுபடி சுருக்காமல் அப்படியே வெட்டுவதால் தரம் குறையாது. நேரமும் அதிகம் பிடிக்காது. 40, 40, 30 நிமிடம் என்று மூன்று ஃபைல்கள் கிடைக்கும். அவற்றின் அளவு சுமார் 2.4, 2.4, 1.8 ஜி.பி. கணக்கின்படி 70 நிமிடம் வரை ஒரு துண்டில் அடங்கும் என்றாலும், அசைவு அதிகமுள்ள காட்சிகளில் ஃபைல் கூடுதலாகப் பருக்கலாம் என்பதால் விளிம்புவரை போக வேண்டாம். துண்டு மாறும் இடத்தில் சில டி.வி.க்களில் ஒரு கணம் படம் நின்று வரும். இதை வாடிக்கையாளரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும்.

இரண்டாவது தீர்வு, ஒரே ஃபைலாகவே வேண்டும் என்பவர்களுக்கு. ஸ்டூடியோக்காரரிடம் தரத்தைக் கொஞ்சம் குறைத்து எடுத்துத் தரச் சொல்வது. 6,600 நொடிப் படத்தை நொடிக்கு 5 மெகாபிட்டில் எடுத்தால் 4,125 எம்.பி. ஆகும். கட்டத்துக்குள் அடங்கிவிடும். ஆனால் இதில் நெருக்கம் அதிகம். 2 மணி நேரப் படமாக இருந்தால் இதே தரத்தில் 4,500 எம்.பி. ஆகி வரம்பைத் தாண்டிவிடும். படத்தின் தெளிவும் சற்று குறையும். மூல ஃபைலை வாடிக்கையாளர் தனியே பத்திரப்படுத்திக்கொள்வது நல்லது.

மூன்றாவது தீர்வு, டி.வி. கையேட்டில் NTFS இருந்தால் டிரைவை NTFS ஆக்குவது. exFAT படிக்காத ஆனால் NTFS படிக்கும் டி.வி.க்களுக்கு இது கைகொடுக்கும். ஃபைல் துண்டாக வேண்டியதில்லை. டிரைவ் ஏற்கெனவே FAT32-இல் இருந்தால், உள்ளிருப்பதை அழிக்காமலே விண்டோஸில் மாற்றலாம். டிரைவின் எழுத்து `E:` என்றால்:

```
convert E: /FS:NTFS
```

இது ஒருவழிப் பாதை. இதே கட்டளையால் மறுபடி FAT32-க்குத் திரும்ப முடியாது. exFAT டிரைவுக்கும் இந்தக் கட்டளை உதவாது. அங்கே உள்ளிருப்பதை வேறிடத்தில் காப்பி எடுத்துவிட்டுத்தான் ஃபார்மட் செய்ய வேண்டும். மேலும் NTFS டிரைவை மேக் கம்ப்யூட்டர் படிக்கும், ஆனால் தானாக அதில் எழுதாது. ஸ்டூடியோ மேக் வைத்திருந்தால் இதையும் மனத்தில் கொள்ள வேண்டும்.

64 ஜி.பி. டிரைவையே FAT32 ஆக்கிவிடலாமே என்று சிலர் கேட்கலாம். விண்டோஸின் வழக்கமான `Format` சாளரம் 32 ஜி.பி.க்கு மேற்பட்ட டிரைவுக்கு நெடுங்காலமாக FAT32-ஐக் காட்டுவதில்லை. வேறு மென்பொருள் கொண்டு செய்ய முடியும். ஆனால் 4 ஜி.பி. வரம்பு அங்கேயும் அப்படியே இருக்கும். பழைய டி.வி. உள்ள வீட்டுக்கு 32 ஜி.பி. டிரைவும் துண்டு ஃபைல்களுமே சிக்கனம்.

ஃபார்மட் பொத்தானில் கை வைக்கும் முன்

இந்தக் கட்டுரையில் மற்றவை மறந்தாலும் இது மறக்கக் கூடாது. திரும்பி வரும் டிரைவில் இருப்பது பல சமயம் அந்த வீட்டாரிடம் உள்ள ஒரே பிரதி. மேக் முறையில் தயாரான டிரைவை நம் கம்ப்யூட்டரில் செருகினால் விண்டோஸ் இப்படிக் கேட்கும்:

```
You need to format the disk in drive E: before you can use it.
```

பழக்க தோஷத்தில் கடைப் பையன் அந்தப் பொத்தானை அழுத்திவிட்டால், டிரைவ் "சரியாகிவிடும்", கல்யாணம் போய்விடும். நிகழ்ச்சிகளைப் பதிவு செய்யும் வசதியுள்ள சில டி.வி.க்களும், செருகிய டிரைவைப் பதிவுக்குத் தயார் செய்யலாமா என்று கேட்பதுண்டு. சரி என்று அழுத்தினால் அங்கேயும் எல்லாம் அழியும். வீட்டில் அப்படி எதையும் அழுத்த வேண்டாம் என்று விற்கும்போதே சொல்லிவிடுவது நம் கடமை.

கடையில் ஒரு விதி வைத்துக்கொள்ளலாம். வாடிக்கையாளரின் டிரைவை முதலில் அப்படியே கம்ப்யூட்டரில் காப்பி எடுக்க வேண்டும். காப்பியைத் திறந்து, தொடக்கத்திலும் நடுவிலும் முடிவிலும் ஓட்டிப் பார்க்க வேண்டும். அதன்பிறகே ஃபார்மட். டிரைவைப் படிக்கவே முடியவில்லை என்றால் தொடாமல் ஸ்டூடியோவுக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். வேலை முடிந்து வாடிக்கையாளர் டி.வி.யில் பார்த்துத் திருப்தி சொன்ன பின் நம் கம்ப்யூட்டரில் உள்ள காப்பியை அழித்துவிட வேண்டும். அது பிறர் வீட்டுப் பெண்கள் இருக்கும் படம். நம் கடையில் தங்கக் கூடாது.

கொள்முதலும் விற்பனையும்

இவ்வளவும் தெரிந்தபின் கல்லாவில் செய்ய வேண்டியது சிறிய வேலைதான். பென் டிரைவ் கேட்டு வருபவரிடம் "எத்தனை ஜி.பி. வேணும்?" என்று கேட்பதற்கு முன் "எதுல போட்டுப் பார்க்கப் போறீங்க?" என்று கேட்க வேண்டும். கம்ப்யூட்டரில் என்றால் எதுவும் சரி. டி.வி. என்றால் என்ன மாடல் என்று அடுத்த கேள்வி. டி.வி.டி. பிளேயர், கார் ஸ்டீரியோ என்றால் 32 ஜி.பி.யோ அதற்குக் குறைவோதான் பாதுகாப்பு.

64 ஜி.பி.யும் 128 ஜி.பி.யும் இப்போது வேகமாக விற்கின்றன என்பதற்காக 32 ஜி.பி. சரக்கை அடியோடு நிறுத்திவிட வேண்டாம். பழைய செட்டு உள்ள வீடுகள் இருக்கும்வரை அதற்குத் தேவை உண்டு. 32 ஜி.பி. டிரைவ் கம்ப்யூட்டரில் 29.8 என்றும், 64 ஜி.பி. டிரைவ் 59.6 என்றும் காட்டும். கம்பெனி ஆயிரத்தின் மடங்கில் கணக்கிடுகிறது, கம்ப்யூட்டர் 1,024-இன் மடங்கில் கணக்கிடுகிறது. இதற்காகவும் சரக்கைத் திருப்ப வருபவர்கள் உண்டு. இந்த ஒரு வரி விளக்கம் அதை நிறுத்திவிடும்.

டி.வி. விற்கும் அன்பர்களுக்கு இன்னொரு யோசனை. மூன்று பழைய டிரைவ்களை எடுத்து, ஒன்றை FAT32, ஒன்றை exFAT, ஒன்றை NTFS என்று ஃபார்மட் செய்து, மேலே காகிதம் ஒட்டிப் பெயர் எழுதிக்கொள்ளுங்கள். மூன்றிலும் ஒரே சிறிய வீடியோவைப் போடுங்கள். FAT32-இல் ஓடும் என்று முன்பே பார்த்துத் தெரிந்த வீடியோவாக இருக்கட்டும். புதிய மாடல் கடைக்கு வந்ததும் மூன்றையும் ஒவ்வொன்றாகச் செருகிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை. எது ஓடியது என்று மாடல் எண்ணோடு ஒரு நோட்டில் எழுதி வைத்தால், ஒரு வருடத்தில் நம் பகுதியில் விற்ற செட்டுகளின் பட்டியல் கையில் இருக்கும். பக்கத்துக் கடைக்காரர் பென் டிரைவ் விற்பவராக இருந்தால் அவருக்கும் அந்தப் பட்டியல் பயன்படும்.

ஸ்டூடியோ நடத்தும் உறுப்பினர்கள் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. அட்வான்ஸ் ரசீது எழுதும்போதே வீட்டு டி.வி.யின் மாடல் எண்ணையும் கேட்டு எழுதிக்கொண்டால், படத்தை எத்தனை துண்டாக, எந்த டிரைவில் தருவது என்று அன்றே முடிவாகிவிடும். அடுத்த முகூர்த்த சீசன் தொடங்குவதற்குள் இந்த ஒரு வரியை ரசீதுப் புத்தகத்தில் அச்சிட்டுவிடலாம்.